ஒரு ஆர்டர் பணத்தை யார் யார் பிரித்துக்கொள்கிறார்கள்? ஆன்லைன் மளிகை டெலிவரிக்கு ஐந்து விசைக் கணக்கு

ஒரு பகுதியில் ஆன்லைன் மளிகை டெலிவரி தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது தேவையைத்தான். வீடுகள் நிறைய இருக்கின்றன, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஆர்டர் செய்யும் பழக்கமும் வந்துவிட்டது, ஆகவே தொழில் ஓடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆர்டர் வரத்தான் செய்யும். அந்த ஆர்டர் கொண்டுவரும் பணத்தில் கடைசியில் தொழில் நடத்துபவர் கையில் என்ன மிஞ்சும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடத்தான் மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசை மாதிரி இருக்கிறது.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியரான போர்ட்டர் இதை 1979இல் ஒரு கட்டுரையாக எழுதினார். சாரம் இவ்வளவுதான்: ஒரு துறையில் உருவாகும் லாபத்தை நேரடிப் போட்டியாளர் மட்டும் பறிப்பதில்லை. சரக்கு கொடுப்பவர், வாங்குபவர், புதிதாக நுழையக் கூடியவர், அதே வேலையை வேறு விதமாக முடித்துத் தரும் மாற்று வழி, ஏற்கெனவே உள்ள போட்டியாளர்கள் என்று ஐந்து பக்கமிருந்தும் இழுப்பு இருக்கிறது. இழுப்பு பலமாக இருந்தால் அந்தத் துறையில் திறமைசாலிக்கும் சொற்பமே மிஞ்சும். பலவீனமாக இருந்தால் சுமாராக நடத்துபவரும் பிழைத்துக்கொள்வார்.

பாடப்புத்தகப் பயிற்சிகளில் ஒவ்வொரு விசைக்கும் எதிரே ‘அதிகம்’, ‘நடுத்தரம்’, ‘குறைவு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒவ்வொரு விசையும் ஒரு ஆர்டரின் வரவு செலவில் எந்த வரியை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தால்தான் இந்த மாதிரி பேசத் தொடங்கும். இங்கே அப்படித்தான் செய்யப் போகிறோம்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

‘மளிகைத் துறை’ என்று எடுத்துக்கொண்டால் அதில் சூப்பர் மார்க்கெட், மொத்த வியாபாரம், தெருமுனைக் கடை எல்லாம் வந்துவிடும். ‘செயலி வழி மளிகை’ என்று மிகவும் குறுக்கினால், போனில் சொன்னால் ஆள் வைத்து அனுப்பிவிடும் கடைக்காரர் கண்ணில் படாமலே போய்விடுவார். எல்லைக்கு இரண்டு பக்கம் உண்டு: என்ன பொருள், எந்த இடம். இடத்தைப் பொறுத்தவரை டெலிவரித் தொழிலில் நாடோ மாநிலமோ கணக்கில்லை. ஒரு கிடங்கிலிருந்து வண்டி நேரத்தோடு போய்த் திரும்பக்கூடிய வட்டம்தான் கணக்கு.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைத் தொழிலை வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சிறு கிடங்கு, அதைச் சுற்றி 4 கிலோமீட்டர், அதற்குள் 6,000 வீடுகள். தினசரி வீட்டுக்கு வேண்டிய மளிகை, காய்கறி, சோப்பு சாமான்கள். ஆர்டர் போட்ட அன்றே வீட்டுக்கு வந்துவிடும். நம் எல்லை: இந்த வட்டத்துக்குள் வீடு தேடி வரும் அன்றாட மளிகை. இதன்படி போனில் சொன்னால் அனுப்பும் கடைக்காரர் நம் போட்டியாளர். வாடிக்கையாளரே நடந்து போய் வாங்கி வருவது மாற்று வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை. அது ஏன் பெரிய பிழை என்பது மாற்று வழி பற்றிப் பேசும்போது புரியும்.

ஒரு ஆர்டரின் கணக்கு

சராசரி ஆர்டர் 1,000 என்று கொள்வோம். எந்த நாணயமாகவும் இருக்கட்டும், விகிதம்தான் முக்கியம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் செய்யும்போது உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- விற்பனை: 1,000
- சரக்கு வாங்கிய விலை: 800
- கூப்பன், தள்ளுபடி: 30
- அழுகல், உடைசல், திரும்பி வந்தது: 20
- எடுத்து வைத்துப் பொதி கட்டும் கூலி, பை: 35
- டெலிவரி: 60
- பணப் பரிமாற்றக் கட்டணம்: 15
- புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் விளம்பரச் செலவு, ஆர்டருக்குப் பிரித்தது: 25
- மிச்சம்: 15

இந்த 15இலிருந்துதான் கிடங்கு வாடகை, மின்சாரம், மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் போக வேண்டும். இந்த நிலைச்செலவு நாளொன்றுக்கு 1,500 என்றால், தினம் 100 ஆர்டர் வந்தால்தான் கைக்கடி இல்லாமல் இருக்கும். 101ஆவது ஆர்டர்தான் முதல் லாப ஆர்டர்.

டெலிவரி 60 எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம், பின்னால் அது தேவைப்படும். வண்டி ஓட்டுபவருக்கு மணிக்கு 150 செலவாகிறது, ஒரு மணி நேரத்தில் அவர் சராசரியாக இரண்டரை வீட்டுக்குப் போட்டுவிட்டு வருகிறார். 150ஐ 2.5ஆல் வகுத்தால் 60.

சரக்கு கொடுப்பவர்கள்: மூன்று வகை

சப்ளையர் என்றதும் சரக்கு இறக்குபவர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். அவரிலேயே இரண்டு விதம் உண்டு. காய்கறி, பழம் தருபவர்கள் பலர். ஒருவர் விலையை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம், ஆகவே அவர்களுக்கு வலிமை குறைவு. அவர்களால் வரும் தொந்தரவு தரம் சீராக இல்லாததுதான். பெயர்பெற்ற பிராண்டுகளின் விநியோகஸ்தர் கதை வேறு. அந்த பிராண்டு பற்பசை இல்லாமல் கடை நடத்த முடியாது, அவருக்கோ உங்கள் ஒருவர் கொள்முதல் ஒரு துளி. அவர் சொல்வதுதான் விலை, அவர் சொல்வதுதான் கடன் தவணை.

சரக்கு விலை 1 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? 800இல் 1 சதவீதம் 8. மிச்சமோ 15. அதாவது சப்ளையர் ஒரே ஒரு சதவீதம் ஏற்றினாலும், அதை வாடிக்கையாளர் தலையில் வைக்க முடியாவிட்டால், மிச்சத்தில் பாதிக்கு மேல் காலி. கனத்த மார்ஜின் உள்ள தொழிலில் ‘நடுத்தரம்’ என்று விட்டுவிடக்கூடிய சப்ளையர் வலிமை, இங்கே உயிர்நிலையில் கை வைக்கிறது. விசையின் பலம் தனியாக ஒரு எண் இல்லை. அது உங்கள் மிச்சத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இரண்டாவது வகை, வண்டி ஓட்டுபவர்கள். உழைப்பைத் தருபவர்களும் சப்ளையர்கள்தான். அதே வட்டத்தில் உணவு டெலிவரி, பார்சல் டெலிவரி என்று ஆள் தேடுவோர் பலர் இருந்தால் மணிக்கு 150 என்பது நிலைக்காது. எல்லோருக்கும் ஒரே மாலை நேரத்தில்தான் ஆள் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வகையைப் பலரும் எழுதுவதே இல்லை: விளம்பர இடம் விற்கும் இணையத் தளங்கள். தேடலிலும் சமூக வலைத்தளத்திலும் விளம்பர விலை பெரும்பாலும் ஏலத்தில் முடிவாகிறது. உங்கள் வட்டத்தில் இன்னொருவர் பணத்தை இறக்கினால், அவர் ஒரு வாடிக்கையாளரைக்கூடப் பறிக்காமலே உங்கள் 25ஐ 40 ஆக்கிவிடலாம். 15 கூடுதல் செலவு, மிச்சம் பூஜ்யம்.

வாங்குபவர்: சிறியவர், ஆனால் வலியவர்

இங்கே பாடப்புத்தக விதி ஆளைத் தடுமாற வைக்கும். வாங்குபவர்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் பெரியவர்களாகவும் இருந்தால் பேரம் பேசும் வலிமை அதிகம் என்று படித்திருப்போம். நமக்கோ ஆயிரக்கணக்கான சிறு வீடுகள். யாரும் தனியாகப் பேரம் பேச முடியாது. ஆகவே வலிமை குறைவு என்று எழுதிவிட்டால் அது தவறு.

காரணம் இதுதான். ஒரு வீடு உங்களை விட்டு இன்னொருவரிடம் மாற ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். எல்லோரிடமும் அதே பிராண்டு, அதே பொட்டலம். விலையை ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். மளிகை வீட்டுச் செலவில் மாதாமாதம் வரும் பெரிய பங்கு என்பதால் ஒப்பிடவும் செய்வார்கள். பேரம் பேச வாய் திறக்க வேண்டியதே இல்லை, கூப்பன் இல்லாத அன்று ஆர்டர் போடாமல் இருந்தாலே போதும். கணக்கில் ‘கூப்பன், தள்ளுபடி 30’ என்ற வரியும், டெலிவரிக்கு அவரிடம் கட்டணம் வாங்க முடியாமல் 60 முழுவதையும் நாமே சுமப்பதும் இந்த வலிமையின் விலைதான்.

இதை ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்கலாம். ஏற்கெனவே சிறிய அளவில் நடத்திக்கொண்டிருப்பவர் தன் வாடிக்கையாளர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு நான்கு வாரம் கூப்பன் நிறுத்தம், மற்றதற்கு வழக்கம்போல. நான்கு வாரம் ஏன் என்றால், மாதச் சாமான் வாங்கும் சுழற்சி ஒரு முறையாவது உள்ளே வர வேண்டும். ஒரு வாரத்தில் எடுத்த முடிவு பெரும்பாலும் பொய்யாகப் போகும். நிறுத்திய கூட்டத்தில் ஆர்டர் கொஞ்சமாகக் குறைந்தால் 30 என்பது நாம் பயத்தில் கொடுத்தது. சரிபாதியாகச் சரிந்தால் அது வாங்குபவர் எடுத்துக்கொண்டது. பிரிக்கும்போது அடிக்கடி வாங்குபவர்களை ஒரு பக்கமும் எப்போதாவது வாங்குபவர்களை மறுபக்கமும் போட்டுவிட்டால் சோதனையே வீண்.

மாற்று வழி: நடந்து போகும் ஐந்து நிமிடம்

நம் வட்டத்தில் மிகப் பலமான விசை இதுதான் என்பது என் எண்ணம். இதைத்தான் எல்லோரும் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு செயலியை மாற்று வழி என்று எழுதுகிறார்கள். அது போட்டியாளர். மாற்று வழி என்பது அதே தேவையை வேறு விதமாகத் தீர்ப்பது. வேலைவிட்டு வரும் வழியில் கடையில் நின்று வாங்குவது, வார இறுதியில் சந்தைக்குப் போவது, சமைக்காமல் வெளியில் சாப்பிடுவது எல்லாம் இதில் அடக்கம்.

ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? இரண்டும் வெவ்வேறு விதமாகக் கடிக்கின்றன. போட்டியாளர் உங்களோடு சேர்ந்து விலையை இறக்குகிறார். அவர் மூடிவிட்டால் விலையை ஏற்றலாம். மாற்று வழியோ விலைக்கு ஒரு கூரை போடுகிறது. ஊரில் டெலிவரி நடத்துபவர் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் அந்தக் கூரை அப்படியே இருக்கும். போட்டியாளர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு டெலிவரிக் கட்டணம் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் மோதிக்கொள்வது இந்தக் கூரையில்தான்.

கூரையின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வட்டத்துக்குள் சிதறலாக 20 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் அருகிலுள்ள மளிகைக் கடைக்கு நடை நேரம் எத்தனை நிமிடம் என்று உண்மையிலேயே நடந்து பாருங்கள். வரைபடத்தில் 300 மீட்டர் என்று இருக்கும், இடையில் கடக்க முடியாத சாலை இருக்கும். பிறகு அந்த வீடுகளில் ஒரே கேள்வி: கடந்த வாரம் எத்தனை முறை, எதற்காகக் கடைக்குப் போனீர்கள்? ‘டெலிவரி வேண்டுமா’ என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. போன வாரம் செய்ததைக் கேட்டால் பொய் சொல்லக் காரணமில்லை.

கடை 5 நிமிட நடையில் இருந்தால், போய் வர 10 நிமிடம், உள்ளே 10 நிமிடம். நம் சேவை வாடிக்கையாளருக்கு மிச்சப்படுத்துவது 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்கு அவர் வைக்கும் விலைதான் நாம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம். பலருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எப்படியும் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். கடை 25 நிமிடத்தில் இருந்தாலோ, மாடிப்படி ஏறிச் சுமக்க வேண்டியிருந்தாலோ கூரை உயர்கிறது.

பொருளுக்குப் பொருளும் இது மாறும். காய்கறியைத் தொட்டுப் பார்த்து எடுக்க விரும்புபவர் கடைக்குப் போகத்தான் போகிறார். போனவர் சோப்பையும் சேர்த்து அங்கேயே வாங்கிவிடுவார். மாறாக, 25 கிலோ மூட்டை, 5 லிட்டர் எண்ணெய் டின், சோப்புத்தூள் பெரிய பை போன்றவற்றைச் சுமக்க யாருக்கும் ஆசை இல்லை. அவற்றில் மாற்று வழி பலவீனம். ஒரே வட்டத்துக்குள், ஒரே வீட்டுக்குள், இரண்டு கூடைக்கு இரண்டு விதமான துறை இருக்கிறது என்று சொல்லலாம். இதற்குத் திரும்ப வருவோம்.

நுழைபவர்களும் போட்டியும், சேர்த்துப் பார்க்க வேண்டியவை

சின்ன அளவில் நுழைவது எளிது. ஒரு அறை, இரண்டு வண்டி, குறுஞ்செய்தியில் ஆர்டர் எடுக்க ஒரு போன். ஆனால் எளிதாக நுழைபவர் எளிதாக வெளியேறவும் செய்வார், அவரால் பெரிய ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர்.

ஒருவர், பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர். அவருடைய வாடகையையும் மின்சாரத்தையும் நேரில் வரும் வாடிக்கையாளர்களே கட்டிவிடுகிறார்கள். டெலிவரி அவருக்குக் கூடுதல் வேலை மட்டும். நாம் தினம் 100 ஆர்டர் வந்தால்தான் மூச்சுவிடுவோம், அவருக்கு 20 வந்தாலும் லாபம். நமக்கு நிலைச்செலவாக இருப்பது அவருக்கு ஏற்கெனவே தீர்ந்துபோன செலவு. இன்னொருவர், முதலீட்டாளர் பணத்தோடு வரும் பெரிய நிறுவனம். அவருடைய பலம் திறமையை விடப் பொறுமையில் இருக்கிறது. ஆர்டருக்கு நஷ்டம் என்றாலும் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பார்.

இவர்கள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் ‘விலைப் போர் வரும்’ என்பார்கள். டெலிவரித் தொழிலில் விலைப் போர் இல்லாமலே அடி விழும், அது எப்படி என்று கணக்கிலேயே பாருங்கள். நமக்குத் தினம் 120 ஆர்டர் வருகிறது, 20 ஆர்டர் லாபம் என்று கொள்வோம். புதிதாக ஒருவர் வருகிறார். அவர் ஒரு பைசா விலை குறைக்கவில்லை. நம் 120இல் 40 அவரிடம் போகிறது, 80 நிற்கிறது. இந்த 80 வீடும் அதே 4 கிலோமீட்டர் வட்டத்தில்தான் சிதறிக் கிடக்கின்றன. வீட்டுக்கு வீடு இடைவெளி கூடிவிட்டது. வண்டிக்காரர் மணிக்கு 2.5 வீடு போட்டவர் இப்போது 2 வீடுதான் போட முடிகிறது. 150ஐ 2ஆல் வகுத்தால் 75. டெலிவரிச் செலவு 15 கூடியது, ஆர்டருக்கு இருந்த மிச்சம் 15 அப்படியே போய்விட்டது. இப்போது 80 ஆர்டரும் பூஜ்யத்துக்கு ஓடுகின்றன, நாளுக்கு 1,500 நிலைச்செலவு முழுவதும் கையை விட்டுப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு ஆர்டர்தான் குறைந்தது. லாபமோ மொத்தமாகத் தலைகீழானது.

இந்தத் துறையில் போட்டி வருமானத்தை மட்டும் குறைப்பதில்லை, செலவையும் ஏற்றுகிறது. ஆர்டர் அடர்த்திதான் இங்கே அடித்தளம். அதனால் போட்டியின் பலத்தை அளக்க நல்ல கேள்வி ஒன்று உண்டு: இந்த வட்டம் எத்தனை பேரைத் தாங்கும்?

நமக்குத் தினம் 100 ஆர்டர் வேண்டும், மாதம் 3,000. வழக்கமாக வாங்கும் வீடு மாதம் 3 முறை ஆர்டர் போடும் என்றால் 1,000 வீடுகள் வேண்டும். மொத்தம் 6,000 வீடு. நடைநேர ஆய்வில் நான்கில் ஒரு வீடுதான் வழக்கமாக வீட்டுக்கு வரவழைக்கும் என்று தெரிந்தால் 1,500 வீடுகள். ஒருவருக்குப் போதும், இருவருக்கு 2,000 வேண்டும், இல்லை. அதாவது இந்த வட்டத்தில் முதல் ஆளுக்குப் பிழைப்பு உண்டு, இரண்டாவது ஆள் வந்தால் இருவருக்கும் கிடையாது. நுழைவுத் தடையும் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் ஆபத்தானது: தொழில் நன்றாக ஓடுவதே அடுத்தவரை அழைக்கும்.

இரண்டாவது ஆள் வந்தபின் யாராவது விலகுவார்களா என்பதும் கேள்விதான். கிடங்குக்கு நீண்ட கால ஒப்பந்தம், மறுவிற்பனையில் பாதி விலைக்கும் போகாத குளிர்பதன அறை என்று போட்டிருந்தால் நஷ்டத்திலும் விலக மனம் வராது. இருவரும் அப்படி என்றால் நஷ்டம் நீண்டுகொண்டே போகும்.

மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள்

ஐந்து விசைக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, கூட்டி, வகுத்து, ‘3.2, ஆகவே ஓரளவு கவர்ச்சியான துறை’ என்று எழுதும் வழக்கம் எப்படியோ பரவிவிட்டது. நான்கு பக்கம் சுவர் கெட்டியாக இருந்து ஐந்தாவது பக்கம் திறந்திருந்தால் வீட்டில் ஐந்தில் நான்கு பங்கு பொருள் மிஞ்சும் என்று யாரும் சொல்வதில்லை. லாபத்தைத் தீர்மானிப்பது மிகப் பலமான விசை. நம் எடுத்துக்காட்டில் கூரை போடுவது மாற்று வழி, தரையை உடைப்பது புதிய நுழைவால் குறையும் அடர்த்தி. மற்ற மூன்றும் எப்படி இருந்தாலும் முதலில் இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இன்னொரு தவறு, ‘துறை வேகமாக வளர்கிறது’ என்பதை ஈர்ப்பாக எழுதுவது. வளர்ச்சி ஒரு விசை இல்லை. அரசு விதியும் தொழில்நுட்பமும் விசை இல்லை. இவை ஐந்தில் எதையாவது கூட்டியோ குறைத்தோதான் லாபத்தைத் தொடுகின்றன. மளிகையிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம், தேவை வருமுன்னே தானியங்கி வசதிகளோடு பெரும் கிடங்குகளைக் கட்டியது. 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2001 ஜூலையில் திவால் மனு போட்டது. இணையம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கிடங்கை நிரப்பும் அளவுக்கு ஆர்டர் அடர்த்தி வரவில்லை.

அதே வட்டம், வேறு எல்லை

மேலே வந்த முடிவு ‘அன்றே வீடு வரும் அன்றாட மளிகை, இந்த வட்டத்தில், ஈர்ப்பானது இல்லை’ என்பது. மாதிரியை இங்கேயே மூடிவைக்க வேண்டாம். எல்லையை மாற்றிப் போட்டு மறுபடி கணக்குப் பார்க்கலாம். கனமான மாதச் சாமான் மட்டும், தெருவுக்கு ஒரு நாள் என்று முன்கூட்டியே குறித்து டெலிவரி.

ஆர்டர் 2,500. இந்தப் பொருட்களில் சரக்கு விலை போக நிற்கும் மார்ஜின் குறைவு, 14 சதவீதம் என்று கொண்டால் 350. ஒரே தெருவில் அடுத்தடுத்து போடுவதால் வண்டிக்காரர் மணிக்கு 3 வீடு போடுகிறார், டெலிவரி 50. காய்கறி இல்லாததால் அழுகல் கிடையாது, உடைசல் 10. பொதி 60, பணப் பரிமாற்றம் 38, தள்ளுபடி 25. மாதம் ஒரே ஆர்டர் என்பதால் விளம்பரச் செலவு ஒரு ஆர்டரின் மேல் அதிகமாக விழும், 60. மொத்தம் 243, மிச்சம் 107. அதே நிலைச்செலவு 1,500க்குத் தினம் 14 ஆர்டர் வந்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். மாதம் 420 வீடு. 6,000இல் 7 சதவீதம். வட்டம் இப்போது ஒருவருக்கு மேலும் தாங்கும்.

மாற்று வழி இறங்கியது, அடர்த்திப் பிரச்சினை தளர்ந்தது. ஆனால் விசைகள் ஒன்று இறங்கினால் இன்னொன்று எழும். 2,500 என்பது பெரிய பில். அன்றாடம் நூறு இருநூறுக்கு வாங்கும்போது அவ்வளவாக விலை பார்க்காதவர்கூட, மாதச் சாமானுக்கு மூன்று இடத்தில் விலை கேட்பார். வாங்குபவர் வலிமை ஏறுகிறது. அவரைப் பிடிக்க விலையை இறக்கி, மார்ஜின் 14இலிருந்து 11 சதவீதம் ஆனால், 350 என்பது 275 ஆகிறது. மிச்சம் 107இலிருந்து 32. தேவைப்படும் ஆர்டர் தினம் 14இலிருந்து 47. வீடுகள் 420இலிருந்து 1,410. மூன்றே சதவீதம், மறுபடியும் நான்கில் ஒரு வீடு என்ற பழைய சுவரருகே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

ஆகவே இந்த எல்லையில் கிடங்கு வாடகை பேசுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மூன்று சதவீதம்தான். ஒரே பத்துப் பொருள் கொண்ட மாதப் பட்டியலை எழுதி, வட்டத்துக்குள் உள்ள நான்கு கடைகளிலும் மொத்த வியாபாரியிடமும் ஒரே நாளில் விலை கேட்டு, மிகக் குறைந்த மொத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கே நீங்கள் விற்றால் 14 சதவீதம் நிற்கிறதா என்று பாருங்கள். பண்டிகைத் தள்ளுபடி நடக்கும் வாரத்தில் கேட்டால் எண் தவறாக வரும். அதனால் மாதத்தின் முதல் வாரம் ஒரு முறை, மூன்றாம் வாரம் ஒரு முறை என்று இரண்டு தடவை கேட்பது நல்லது.